4713 எங்கிருந்து வந்தது?

வானியல் தரவுகளைப் புரட்டிப் பார்ப்பவர்களின் கண்ணில் ஒரு விநோதமான எண் அடிக்கடி படும். 2000 ஜனவரி 1, நண்பகல் என்று எழுத வேண்டிய இடத்தில் 2451545 என்று இருக்கும். இதற்கு ஜூலியன் நாள் எண் என்று பெயர். மாதம், நெட்டாண்டு, நாட்காட்டித் திருத்தம் என்ற தொல்லை எதுவும் இல்லாமல், ஒரு தொடக்க நாளிலிருந்து நாட்களை வரிசையாக எண்ணிக்கொண்டே வருவதுதான் இந்த முறை. இரண்டு கிரகணங்களுக்கு இடையே எத்தனை நாள் என்று தெரிய வேண்டுமானால் ஒரு கழித்தல் போதும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் ஹெர்ஷெல் பரப்பிய பிறகு வானியலாளர்கள் இதை விடவே இல்லை.

சரி, அந்தத் தொடக்க நாள் எது? பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்னோக்கி நீட்டினால் வருகிற கி.மு. 4713, ஜனவரி 1, நண்பகல். அந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்க அப்படி என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. எந்த அரசனும் முடிசூடியதாகவோ, எந்தக் கிரகணமோ வெள்ளமோ வந்ததாகவோ குறிப்பு இல்லை. யாரும் அந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே உண்மை. மூன்று வகுத்தல்களில் மிஞ்சிய மூன்று மீதிகளை ஒன்றுசேர்த்தபோது தானாக வந்து விழுந்த விடை அது. அந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு தாள் போதும்.

கணக்குக்குரியவர் ஜோசப் ஸ்காலிஜர் என்ற பிரெஞ்சு அறிஞர். 1583இல் அவர் வெளியிட்ட நூலின் வேலையே பழைய உலகத்தின் ஆண்டுக் கணக்குகளை ஒழுங்குபடுத்துவதுதான். கிரேக்கர் ஒலிம்பிக் போட்டிகளை வைத்து ஆண்டைச் சொன்னார்கள். ரோமானியர் ஆட்சியாளர் பெயரை வைத்துச் சொன்னார்கள். எகிப்தியருக்கு வேறு கணக்கு. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்த, எதிர்மறை எண்ணே வராதபடி வெகு பின்னால் தொடங்கும் ஓர் ஆண்டு வரிசை அவருக்குத் தேவைப்பட்டது. அதைப் புதிதாகக் கற்பனை செய்யாமல், ஐரோப்பிய ஆவணங்களில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்த மூன்று சுழற்சிகளிலிருந்தே கட்டினார்.

முதலாவது 28 ஆண்டுச் சுழற்சி. சாதாரண ஆண்டில் 52 வாரம் போக ஒரு நாள் மிஞ்சும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு நாள் மிஞ்சும். ஜூலியன் நாட்காட்டியில் இதற்கு விதிவிலக்கு கிடையாது. எனவே 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேதியும் கிழமையும் அச்சுமாறாமல் திரும்ப வரும். இரண்டாவது 19 ஆண்டுச் சுழற்சி. 19 ஆண்டுகளில் ஏறக்குறைய 235 சந்திர மாதங்கள் அடங்கிவிடுவதால் அமாவாசைகள் மறுபடி அதே தேதிகளுக்கு வந்து சேரும். ஈஸ்டர் நாளைக் குறிக்கத் திருச்சபைக்கு இது அவசியமாக இருந்தது. மூன்றாவது 15 ஆண்டுச் சுழற்சி. இதற்கும் வானத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரோமப் பேரரசின் வரிக் கணக்கிலிருந்து வந்தது, இன்டிக்ஷன் என்பார்கள். வரி போன பிறகும் இந்த எண் மட்டும் பல நூற்றாண்டுகள் பத்திரங்களிலும் சாசனங்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கி.பி. ஆண்டு ஒன்றுக்கு இந்த மூன்று சுழற்சிகளிலும் எந்த இடம் என்று காண எளிய விதிகள் உண்டு. ஆண்டோடு 9ஐக் கூட்டி 28ஆல் வகுத்த மீதி; 1ஐக் கூட்டி 19ஆல் வகுத்த மீதி; 3ஐக் கூட்டி 15ஆல் வகுத்த மீதி. மீதி பூஜ்யமானால் சுழற்சியின் கடைசி ஆண்டு என்று பொருள். கி.பி. 1க்கு இவை முறையே 10, 2, 4.

ஸ்காலிஜர் கேட்ட கேள்வி இதுதான். மூன்று சுழற்சிகளும் ஒரே நேரத்தில் தங்கள் முதலாம் ஆண்டில் நின்ற ஆண்டை 1 என்று வைத்துக்கொண்டு எண்ணி வந்தால், கி.பி. 1 எத்தனையாவது ஆண்டு? அதாவது, 28ஆல் வகுத்தால் 10, 19ஆல் வகுத்தால் 2, 15ஆல் வகுத்தால் 4 மீதி தரும் எண் எது?

இந்த மாதிரிக் கணக்கு ஐரோப்பாவுக்கு அப்போது புதிதல்ல. ஆசியாவில் மிகப் பழையது. சீனத்தின் சுன்சி கணித நூலில் 3, 5, 7 ஆல் வகுத்தால் 2, 3, 2 மிஞ்சும் எண் கேட்கப்பட்டிருக்கிறது, விடை 23. சீன மீதித் தேற்றம் என்று இன்று பாடநூல்களில் வழங்குவது அதனால்தான். இந்தியாவில் ஆரியபடர் 499இல் இதற்குப் பொதுவான வழியையே செய்யுளில் சொல்லிவிட்டார். 629இல் அதற்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று: 8ஆல் வகுத்தால் 5, 9ஆல் வகுத்தால் 4, 7ஆல் வகுத்தால் 1 மிஞ்சும் எண் எது?

பாஸ்கரரின் கணக்கு சின்னது என்பதால் வழியை அதில் பிடித்துக்கொள்வோம். முதல் நிபந்தனையை மட்டும் பார்த்தால் 5 பொருந்தும். அதற்கு மேல் 8 எட்டாகத் தாவினால் 13, 21, 29 என்று எல்லாமே பொருந்தும். 8இன் மடங்கைக் கூட்டும் வரை 8க்கான மீதி அசையாது. இதுதான் மொத்த வித்தையின் உயிர்நாடி. இந்த வரிசையில் 9ஆல் வகுத்தால் 4 மிஞ்சுவது எது? 5க்கு 5 மிஞ்சுகிறது, ஆகாது. 13க்கு 4 மிஞ்சுகிறது, ஆகும். இப்போது முதல் இரண்டு நிபந்தனையும் கையில் இருக்கின்றன. இனி இரண்டையும் கெடுக்காமல் தாவ வேண்டும். அதற்குத் தாவல் 8க்கும் 9க்கும் பொதுவான மடங்காக, 72ஆக இருக்க வேண்டும். 13ஐ 7ஆல் வகுத்தால் 6 மிஞ்சும், ஆகாது. 13 + 72 = 85; 7ஆல் வகுத்தால் 1. விடை 85.

கவனித்துப் பாருங்கள். ‘8க்கு 5’, ‘9க்கு 4’ என்ற இரண்டு நிபந்தனைகள் ‘72க்கு 13’ என்ற ஒரே நிபந்தனையாக இறுகிவிட்டன. பழைய இரண்டையும் தூக்கிப் போட்டுவிடலாம். அவை சொன்ன எல்லாவற்றையும் புதிய ஒன்று சொல்லிவிடுகிறது. நிபந்தனை மூன்றானாலும் முப்பதானாலும் வேலை ஒன்றுதான்: இரண்டை எடுத்து ஒன்றாக்கு, அதோடு அடுத்ததைச் சேர்.

இனி ஸ்காலிஜரின் எண்கள். 10இல் தொடங்கி 28 இருபத்தெட்டாகத் தாவுகிறோம்: 10, 38, 66, 94... எப்போது 19ஆல் வகுத்து 2 மிஞ்சும்? பொறுமை இருந்தால் தாவிக்கொண்டே போகலாம். 19 தாவலுக்குள் கட்டாயம் கிடைத்துவிடும். பொறுமை இல்லாதவர்கள் எத்தனை தாவல் என்பதை a என்று வைத்துக்கொள்ளலாம். எண் 10 + 28a. இது 19ஆல் வகுக்கப்பட்டு 2 மிஞ்ச வேண்டும் என்றால், 28a என்பது −8 மிஞ்ச வேண்டும். 19க்கு மேல் கணக்குப் போடும்போது 28ஐ 9 என்றும், −8ஐ 11 என்றும் எழுதிக்கொள்வதில் தவறில்லை. 19இன் மடங்குகள் கணக்கில் சேராது. ‘19இன் மடங்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றே’ என்பதைக் காட்ட 1801இல் காஸ் ஒரு குறி கொண்டுவந்தார். பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும்.

```
9a ≡ 11 (mod 19)
```

சாதாரணச் சமன்பாடாக இருந்தால் இரு பக்கமும் 9ஆல் வகுத்துவிடலாம். இங்கே முழு எண்கள் மட்டுமே நடமாடுவதால் அது முடியாது. அதற்குப் பதில், 9ஐ எந்த எண்ணால் பெருக்கினால் 19க்கு மேல் வெறும் 1 மிஞ்சும் என்று தேட வேண்டும். அந்த எண் கிடைத்தால் இரு பக்கமும் அதனால் பெருக்கி, 9ஐக் கழற்றிவிடலாம். ஆரியபடரின் குட்டகம் இந்த இடத்துக்குத்தான் வருகிறது.

குட்டகத்தின் அடிப்படை, மீப்பெரு பொது வகுத்தி காண நாம் பள்ளியில் போட்ட தொடர் வகுத்தலேதான். 28ஐ 19ஆல் வகு, மீதி 9. 19ஐ அந்த 9ஆல் வகு. ஈவு 2, மீதி 1. மீதி 1 வந்ததும் நின்று, வந்த வழியே திரும்ப வேண்டும்.

```
9 = 28 − 19
1 = 19 − 2·9
  = 19 − 2·(28 − 19)
  = 3·19 − 2·28
```

கடைசி வரியில் 19இன் மடங்கை ஒதுக்கிவிட்டால், −2 × 28 என்பது 1 என்று மிஞ்சுகிறது. ஆக, தேடிய பெருக்கி −2. வலப்பக்கம் இருந்த 11ஐயும் −2ஆல் பெருக்க, −22. அதோடு 19ஐ இருமுறை கூட்டினால் 16. எனவே a = 16; எண் 10 + 28 × 16 = 458. சரிபார்க்க, 458ஐ 19ஆல் வகுத்தால் 24 முறை போய் 2 மிஞ்சும். 28ஆல் வகுத்தால் 16 முறை போய் 10 மிஞ்சும்.

இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து ‘532க்கு 458’ என்று ஆகிவிட்டன. இந்த 532, ஈஸ்டர் கணக்குப் போட்டவர்களுக்குப் பழக்கமான எண். கிழமையும் நிலவும் ஒருசேரத் திரும்ப 28 × 19 ஆண்டுகள் ஆகும் என்பதால், ஜூலியன் நாட்காட்டியில் ஈஸ்டர் தேதிகள் 532 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே மறுபடி வரும். 457இல் அக்விட்டேனைச் சேர்ந்த விக்டோரியஸ் 532 ஆண்டுகளுக்கு ஒரு ஈஸ்டர் அட்டவணையே தயாரித்திருந்தார். ஸ்காலிஜர் அதோடு வரிச் சுழற்சியையும் கோத்துவிட்டார், அவ்வளவுதான்.

கடைசி அடி. எண் 458 + 532b. 15க்கு மேல் பார்த்தால் 458 என்பது 8, 532 என்பது 7. மொத்தம் 4 மிஞ்ச வேண்டும். எனவே 7b என்பது −4, அதாவது 11. 15ஐ 7ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 1. ஆகவே இங்கும் பெருக்கி −2தான். 11 × −2 = −22; 15ஐ இருமுறை கூட்டினால் 8. இரண்டு அடியிலும் அதே 11, அதே −2 வந்தது தற்செயல்; அதில் எந்த ஆழமான காரணமும் இல்லை. b = 8 என்று வைத்தால் 458 + 532 × 8 = 4714.

கி.பி. 1 என்பது 4714ஆம் ஆண்டு. கி.பி. 1க்கு முந்தைய ஆண்டு கி.மு. 1, நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. எனவே 4713 ஆண்டு பின்னால் போனால் நிற்பது கி.மு. 4713. மூன்று சுழற்சிகளும் மறுபடி ஒன்றாக முதலாம் ஆண்டுக்கு வர 28 × 19 × 15 = 7980 ஆண்டுகள் வேண்டும்; அது கி.பி. 3268இல் வரும்.

விடையை வேறு வழியிலும் பெறலாம். பழைய காலக்கணிப்பில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: முதல் மீதியை 4845ஆலும், இரண்டாவதை 4200ஆலும், மூன்றாவதை 6916ஆலும் பெருக்கிக் கூட்டி, 7980ஆல் வகுத்து மீதியைப் பார். 48450 + 8400 + 27664 = 84514; 7980ஐப் பத்து முறை கழித்தால் 4714. இந்த மூன்று பெருக்கிகளும் மந்திர எண்கள் அல்ல. 4845 என்பது 19க்கும் 15க்கும் மடங்கு; ஆனால் 28ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். மற்ற இரண்டும் அப்படியே தத்தம் சுழற்சிக்கு 1, மற்றவற்றுக்குப் பூஜ்யம் என்று அமைத்தவை. சுன்சியின் நூலில் இருக்கும் வழியும் இதே இனம்தான். ஒரே மூன்று சுழற்சிகளுக்குத் திரும்பத் திரும்ப விடை காண வேண்டியவருக்கு இந்தச் சூத்திரம் வசதி. எனக்கு என்னவோ படிப்படியாக இணைக்கும் வழிதான் பிடித்திருக்கிறது. எண்கள் தேவைக்கு மேல் பெருக்காது. நான்காவது நிபந்தனை ஒன்று பின்னால் வந்து சேர்ந்தால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு. வகுக்கும் எண்களுக்குள் பொதுக் காரணி இருந்தால் சூத்திரம் கைவிட்டுவிடும்; படிப்படியான வழி கைவிடாது.

28, 19, 15 ஆகியவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. அது ஸ்காலிஜரின் அதிர்ஷ்டம். எல்லாச் சுழற்சிகளும் இப்படி அமைவதில்லை. சீனர்களின் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு 10 குறிகள் கொண்ட ஒரு சுழற்சி, 12 குறிகள் கொண்ட இன்னொரு சுழற்சி (எலி, எருது, புலி என்று விலங்குகளோடு சொல்லப்படுவது இந்த இரண்டாவதுதான்). ஒவ்வொரு ஆண்டும் இரண்டும் ஒவ்வொரு படி நகரும். 10 × 12 = 120 ஆண்டுச் சுற்று வரும் என்றுதான் முதலில் தோன்றும். வருவதோ 60தான். நம்மூர் பிரபவ முதல் அட்சய வரையிலான சுற்றும் 60தான் என்றாலும் அது வியாழன் கோளின் கணக்கு. அதற்குப் பிறப்பு வேறு.

60 ஏன்? 10, 12 இரண்டும் இரட்டை எண்கள். முதல் சுழற்சியில் ஒற்றை இடத்தில் நிற்கும் ஆண்டு இரண்டாவதிலும் ஒற்றை இடத்தில்தான் நிற்க முடியும். 120 சேர்க்கைகளில் பாதி ஒருபோதும் நிகழாது. ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். 2024 முதல் சுழற்சியில் 1ஆம் இடம், இரண்டாவதில் 5ஆம் இடம். எண் 1 + 10a. 12க்கு மேல் 5 மிஞ்ச வேண்டும். ஆகவே 10a என்பது 4 மிஞ்ச வேண்டும். 10க்குப் பெருக்கி தேடினால் கிடைக்காது, ஏனென்றால் 10ஐ எதால் பெருக்கினாலும் 12க்கு மேல் இரட்டை எண்தான் மிஞ்சும். 1 மிஞ்சவே மிஞ்சாது. குட்டகத்தில் இது உடனே தெரிந்துவிடும்: தொடர் வகுத்தல் 1இல் முடியாமல் 2இல் முடியும்.

இங்கே செய்ய வேண்டியது எல்லாவற்றையும் அந்த 2ஆல் வகுப்பது. 10, 4, 12 மூன்றும் 5, 2, 6 ஆகும். 5a என்பது 6க்கு மேல் 2 மிஞ்ச வேண்டும். 5 × 5 = 25, 6க்கு மேல் 1; எனவே பெருக்கி 5. a = 10, அதாவது 4. எண் 41. 1984இல் தொடங்கிய சுற்றில் 2024 என்பது 41ஆம் ஆண்டு, கணக்கு சரி.

அதே ஆண்டு இரண்டாவது சுழற்சியில் 4ஆம் இடம் என்று யாராவது எழுதியிருந்தால்? அப்போது 10a என்பது 3 மிஞ்ச வேண்டும். இடப்பக்கம் இரட்டை, வலப்பக்கம் ஒற்றை. 2ஆல் வகுக்கவும் முடியாது. அப்படி ஓர் ஆண்டே கிடையாது, எழுதியதில் பிழை. பொதுவாகச் சொன்னால், இரண்டு மீதிகளின் வித்தியாசம், வகுக்கும் எண்களின் மீப்பெரு பொது வகுத்தியால் மீதியின்றி வகுபட்டால் மட்டுமே விடை உண்டு. அப்படி உண்டு என்றால், புதிய தாவல் இரண்டு எண்களின் பெருக்கல் அல்ல. அவற்றின் மீச்சிறு பொது மடங்கு.

இவ்வளவையும் பைத்தானில் எழுதினால் பத்துப் பன்னிரண்டு வரிதான்.

```python
from math import gcd

def combine(r, m, s, n):
    g = gcd(m, n)
    if (s - r) % g != 0:
        return None
    step = n // g
    k = (s - r) // g * pow(m // g, -1, step) % step
    return r + m * k, m * step

r, m = 0, 1
for s, n in [(10, 28), (2, 19), (4, 15)]:
    r, m = combine(r, m, s, n)
    print(r, m)
```

`r`, `m` இரண்டும் இதுவரை சேர்த்த நிபந்தனை: `m`ஆல் வகுத்தால் `r` மிஞ்சும். `s`, `n` புதிதாக வருவது. `g` என்பது பொது வகுத்தி. அடுத்த வரி, விடை உண்டா என்ற சோதனை. `k` என்பது நாம் a, b என்று தேடிய தாவல் எண்ணிக்கை. `pow(..., -1, ...)` என்ற துண்டுதான் குட்டகம். −1ஆம் அடுக்கு என்று கேட்டால் பைத்தான் அந்தப் பெருக்கியைத் தேடித் தருகிறது. இந்த வசதி 3.8 பதிப்பிலிருந்துதான் உண்டு. ‘1க்கு 0’ என்று தொடங்குவது, இன்னும் எந்த நிபந்தனையும் இல்லை என்று சொல்வதற்குச் சமம். எந்த எண்ணை 1ஆல் வகுத்தாலும் மீதி 0தானே. ஓட்டினால் வருவது:

```
10 28
458 532
4714 7980
```

முரண்படும் நிபந்தனைகளைக் கொடுத்தால் `None` திரும்பும். அதை இரண்டு மாறிகளில் பிரித்துப் போட முடியாமல் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எந்த நிபந்தனையில் நின்றது என்பது முக்கியமான தகவல். சத்தமில்லாமல் தவறான விடை தருவதைவிட அது எவ்வளவோ மேல். `gcd` வரிகளை விட்டுவிட்டு எழுதியவர்களுக்கு, 10, 12 போன்ற சோடி வந்ததும் `base is not invertible for the given modulus` என்ற பிழைச் செய்தி திரையில் வரும். அதைப் பார்த்துவிட்டு விடையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 41 நமக்கு நன்றாகவே கிடைத்ததல்லவா!

இதையே C அல்லது ஜாவாவில் எழுதினால் இரண்டு குழிகள் காத்திருக்கின்றன. ஒன்று, எதிர்மறை எண்ணின் மீதி. பைத்தானில் `-22 % 19` என்றால் 16. C மொழியில் அதே கோவை −3 தரும். −3ஐத் தாவலாக வைத்தால் எண் 10 − 84 = −74. இதுவும் உண்மையில் தவறு அல்ல; −74 + 532 = 458. ஆனால் நேர்மறை எண்ணை எதிர்பார்த்து எழுதிய அடுத்த வரி தடுமாறும். மீதியோடு வகுத்த எண்ணைக் கூட்டி, இன்னொரு முறை மீதி எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. மற்றது, எண்ணின் பருமன். வகுக்கும் எண்கள் நூறு கோடி அளவில் இருந்தால், இரண்டை இணைத்ததும் தாவல் 19 இலக்கமாகிவிடும். 64 பிட் முழு எண்ணில் அதுவரை இடம் இருக்கும். மூன்றாவதை இணைக்கும்போது இருக்காது. அங்கே எந்தப் பிழைச் செய்தியும் வராது, எண் மட்டும் குப்பையாகிவிடும். கிடைத்த விடையை ஒவ்வொரு வகுக்கும் எண்ணாலும் வகுத்துப் பார்ப்பதுதான் இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி.

நேரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தொடர் வகுத்தல் எத்தனை அடியில் முடியும் என்பதற்கு 1844இல் லாமே ஒரு வரம்பு நிரூபித்தார்: சிறிய எண்ணின் இலக்கங்களைப் போல ஐந்து மடங்குக்கு மேல் போகாது. நூறு இலக்க எண்ணானாலும் 500 வகுத்தலுக்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றாகத் தாவிப் பார்ப்பவர் அந்த அளவு எண்ணில் எந்தக் காலத்திலும் கரை சேரமாட்டார்.

கணக்கு சரியாக இருந்தும் விடை தவறாகப் போகிற ஓர் இடம் உண்டு: கொடுத்த மீதியே தவறாக இருப்பது. கி.பி. 1க்கு இன்டிக்ஷன் எண் 4 என்பதற்குப் பதில் யாரோ 5 என்று படித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு எண் வித்தியாசம். விடை ஓராண்டு தள்ளிப் போகும் என்றுதான் எதிர்பார்ப்போம். 458 வரை எதுவும் மாறாது. அதன் பிறகு 7b என்பது 12 மிஞ்ச வேண்டும். −2ஆல் பெருக்கினால் −24, அதாவது 6. விடை 458 + 3192 = 3650. கி.பி. 1இல் இருக்க வேண்டிய ஆவணம் கி.மு. 1064க்குப் போய்விட்டது!

ஏன் என்பதற்குச் சற்று முன் பார்த்த சூத்திரமே பதில் சொல்லும். மூன்றாவது மீதியின் பெருக்கி 6916. அந்த மீதி ஒன்று கூடினால் விடை 6916 கூடும். 7980 ஆண்டுச் சுற்றில் 6916 முன்னே போவதும் 1064 பின்னே வருவதும் ஒன்றுதான். முதல் மீதியில் ஒன்று பிசகினால் 3135 ஆண்டும், இரண்டாவதில் பிசகினால் 3780 ஆண்டும் தள்ளிப்போகும். மீதிகளின் உலகத்தில் ‘கிட்டத்தட்ட சரி’ என்பதே இல்லை.

இந்தப் பிசகு வெறும் கற்பனை அல்ல. பைசாந்தியப் பேரரசில் இன்டிக்ஷன் ஆண்டு ஜனவரியில் பிறக்கவில்லை. செப்டம்பர் 1இல் பிறந்தது. வேறு சில இடங்களில் ஜனவரியில் பிறந்தது. இலையுதிர் காலத்தில் எழுதிய ஒரே நாள் ஆவணத்துக்கு, எழுதிய இடத்தைப் பொறுத்து இரண்டு வேறு எண்கள் வரலாம். நல்ல வேளையாக, பிசகு இவ்வளவு பெரிதாக இருப்பதே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஓர் ஆவணம் எழுதிய எழுத்து, மொழி, மை, குறிப்பிடும் அரசர் இவற்றைக் கொண்டே அது எந்த ஆயிரம் ஆண்டைச் சேர்ந்தது என்று ஆய்வாளருக்குத் தெரியும். மூன்று மீதிகளில் ஏதாவது ஒன்றில் ஒன்று கூடவோ குறையவோ இருந்தால், விடை குறைந்தது 1064 ஆண்டு தாவும். ஆயிரம் ஆண்டு எல்லைக்குள் அது நிற்கவே முடியாது. அப்படி எல்லைக்கு வெளியே விழுந்த ஆவணம் செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடைப்பட்ட தேதி உடையதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆம் என்றால், இன்டிக்ஷன் எண்ணில் ஒன்றைக் குறைத்துவிட்டு கடைசி அடியை மட்டும் மறுபடி போட்டால் போதும்.